மூடிய கார்டுக்கு அனுப்பிய பணம் எங்கே?

வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தருகிறார். பணம் கடனட்டை மூலம் கிடைத்தது. ஆனால் அந்த அட்டையை அவர் இப்போது மூடிவிட்டார். "முதலாளி, கார்ட் இல்லை, காசாகவே தந்துவிடுங்கள்" என்கிறார். நம் கடைகளில் பலர் லாச்சியைத் திறந்து காசை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். இதனால் ஒரே பணத்தை இரண்டு முறை இழக்க நேரிடலாம்.

84,500 ரூபா சலவை இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீங்கள் காசு கொடுத்ததை வங்கி அறியாது. வாடிக்கையாளரின் கணக்குக் கூற்றில் விற்பனை அப்படியே நிற்கும். "பொருளைத் திருப்பிக் கொடுத்தேன், பணம் வரவில்லை" என்று அவர் தன் வங்கியில் முறையிட்டால், அத்தொகை உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படலாம். அப்போது கையெழுத்து வாங்காத காசுக்கு உங்களிடம் என்ன சாட்சி இருக்கும்?

உண்மையில் பணம் கார்டுக்குள் போவதில்லை, அதன் பின்னால் இருக்கும் கணக்குக்குப் போகிறது. காலாவதியாகிப் புதிய அட்டை வந்திருந்தால் பெரும்பாலும் சிக்கலே இல்லை. வழங்கிய வங்கி பழைய இலக்கத்தைப் புதியதோடு இணைத்து வரவு வைக்கும். டெபிட் கார்டை மாத்திரம் ரத்துச் செய்திருந்தால் சேமிப்புக் கணக்கில் சேரும். கடனட்டைக் கணக்கையே மூடியிருந்தால், நிலுவை ஏதும் இருந்தால் அதில் கழியும். இல்லையேல் மிகை வரவாகவோ வங்கியின் இடைநிறுத்தக் கணக்கிலோ தங்கிவிடும். உரியவர் அடையாள அட்டையுடன் போய் எழுத்தில் கேட்டால்தான் அது வெளியே வரும். வழங்கிய வங்கி ஏற்க மறுத்தால் மட்டுமே அது உங்களுக்கு மெஷின் தந்த வங்கிக்குத் திரும்பும்.

ஆகவே, முதலில் அதே அட்டைக்கே திருப்பி அனுப்புங்கள். கார்ட் கையில் இல்லையென்றால் விற்பனைப் பற்றுச்சீட்டின் அனுமதி இலக்கத்தோடு உங்கள் வங்கியிடம் கேளுங்கள். முழு அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவைப்பது ஆபத்து. பணம் அனுப்பப்பட்டபின் 23 இலக்கங்கள் கொண்ட ஏ.ஆர்.என். எண்ணை உங்கள் வங்கியிடம் பெற்று வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். அவருடைய வங்கி அதை வைத்தே பணத்தைத் தேட முடியும். "வரவில்லை" என்று சொல்லும் கிளை உத்தியோகத்தருக்கும் அந்த எண்ணைத்தான் காட்ட வேண்டும்.

பணம் உங்களிடமே திரும்பி வந்தது உங்கள் வங்கிக் கூற்றில் தெரிந்தால், அப்போது வாடிக்கையாளரின் பெயருக்குக் காசோலை எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். வேறொருவரின் கார்டுக்கு மட்டும் அனுப்பவே கூடாது. கறுப்புப் பணத்தை வெளுப்பவர்கள் கையாளும் வழிகளில் அதுவும் ஒன்று என்பதால் வங்கி சந்தேகிக்கும்.

இங்கே வங்கிகளையும் கேட்க வேண்டும். மூடிய கணக்குக்குப் பணம் வந்தால் உரியவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய வேலையா? தெரியாமல் இருப்பவர் கடைக்காரரைத்தான் கள்ளன் என்பார்.