மூன்றாம் நாள் மயக்கம்

பிறந்தபோது குழந்தை 3 கிலோ. நன்றாக அழுதது, பால் குடித்தது. இரண்டாம் நாள் மாலை பாலை மறுத்தது, வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் எழுப்பினாலும் எழாத மயக்கம், வேகமான மூச்சு. இப்படி ஓர் ஆண் குழந்தை வந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது கிருமித் தொற்றை. அதற்கு மருந்து கொடுப்பதும் சரிதான். ஆனால் கூடவே ரத்தத்தில் அமோனியாவையும் அளக்க வேண்டும்.

புரதம் சிதையும்போது பிறக்கும் விஷம் அமோனியா. கல்லீரல் 5 முக்கிய என்சைம்களின் உதவியுடன் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. கருவில் இந்த வேலையைத் தாயின் உடல் பார்த்துக்கொள்வதால், குறையுள்ள குழந்தையும் ஆரோக்கியமாகவே பிறக்கிறது. பிறகு அமோனியா சேர்ந்து மூளை வீங்குகிறது. அதே அமோனியா சுவாசத்தைத் தூண்டுவதால் கரியமில வாயு அதிகம் வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. கடுமையான கிருமித் தொற்றில் பெரும்பாலும் அமிலத்தன்மைதான் கூடும். இதுவே முதல் துப்பு.

பச்சிளம் குழந்தைக்கு அமோனியா பொதுவாக 100 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும். நம் குழந்தைக்கு 800. ரத்த மாதிரியை ஐஸில் வைத்து உடனே சோதிக்காவிட்டால் அளவு பொய்யாக ஏறிவிடும்.

எந்த என்சைம் பழுது? சிட்ருலின் என்ற அமினோ அமிலம் சொல்லிவிடும். முதல் இரண்டு என்சைம்கள் அதை உண்டாக்குகின்றன. மூன்றாவது அதைச் செலவழிக்கிறது. மூன்றாவது பழுதானால் சிட்ருலின் மலைபோல் குவியும். நம் குழந்தைக்கோ அது மிகக் குறைவு. அப்படியானால் பழுது முதலாவதிலா, இரண்டாவதிலா? இரண்டாவது தடைபட்டால், முதலாவது தயாரித்த பொருள் வழிமாறி ஓரோட்டிக் அமிலமாகிச் சிறுநீரில் வரும். முதலாவதே பழுதென்றால் வராது. நம் குழந்தையின் சிறுநீரில் அது ஏராளம். ஆக, பழுதானது இரண்டாவது என்சைமான ஓடிசி. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளே கடுமையாகத் தாக்கப்படுகிறார்கள். ஒரு பாதியில் மட்டும் குறையுள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகுகூட திடீர்க் குழப்பமும் மயக்கமும் வரலாம்.

நான்காவது என்சைம் பழுதானால் கல்லீரல் வீங்கும். முடி எளிதில் ஒடியும். ஐந்தாவதான ஆர்ஜினேஸின் கதை வேறு. பச்சிளம் பருவம் பெரும்பாலும் தொல்லையின்றிக் கழியும். சில வயதான பிறகு கால்கள் விறைத்து, நுனிக்காலில் நடக்கும் குழந்தையை மூளை வாதம் என்று தவறாக நினைத்துவிடுவதுண்டு.

சிகிச்சையில் முதல் வேலை டயாலிசிஸ் மூலம் அமோனியாவை வெளியேற்றுவது. ஓரிரு நாள் புரதத்தை நிறுத்தி, உடல் தன் தசையையே கரைக்காதபடி குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். சோடியம் பென்சோயேட் மருந்து நைட்ரஜனை வேறு பாதையில் வெளியேற்றும். பிற்பாடு கல்லீரல் மாற்று சிகிச்சை என்சைம் குறையைத் தீர்க்கும். ஆனால் மயக்கத்தில் கிடந்த நேரத்தில் மூளைக்கு நேர்ந்த சேதத்தைத் திருப்பித் தராது.

எனவே, முதல் வாரத்திலேயே காரணம் தெரியாமல் இறந்த ஆண் குழந்தை தாய்வழி உறவில் இருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.