மஞ்சள் கருவை ஒதுக்காதீங்க!

நாமக்கல் முட்டையில் வெள்ளையை மட்டும் சாப்பிட்டுவிட்டு மஞ்சளை ஒதுக்கும் குழந்தைகள் பல வீடுகளில் உண்டு. வைட்டமின் ஏ முழுக்க அந்த மஞ்சளில்தான். துத்தநாகமும் பெரும்பாலும் அதில்தான்.

பக்கத்துத் திருச்சி மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று 1990-ல் வெளியானது. ஐந்து வயது வரையிலான சுமார் 15,000 குழந்தைகளில் பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களிடையே இறப்பு, மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும், நாள்பட்ட ஊட்டக்குறைவு உள்ளவர்களுக்கும்தான் அதிகப் பலன்.

ஆச்சரியம் என்னவென்றால், வயிற்றுப்போக்கும் சளியும் எல்லாருக்கும் ஒரேபோலத்தான் வந்தன. வந்த நோய் உயிரைப் பறிப்பதுதான் குறைந்தது. காரணம், குடலிலும் மூச்சுக்குழாயிலும் நோயால் சிதைந்த உள்தோல் மறுபடி வளர வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

ஒரு மஞ்சள் கருவில் குழந்தையின் அன்றாடத் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதிக்கு முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுங்கள். கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்கள். கொழுப்பு இல்லாமல் இந்தச் சத்து உடம்பில் சேராது.

பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறினால் அது மாலைக்கண்ணாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.