கீபோர்டில் ச ரி க ம ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்து, கூடவே ஒரு கீபோர்டும் வாங்கிக் கொடுத்திருப்பவர்களாவது பொறுமையாகப் படியுங்கள்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. இணைய வழியில் ஒருவரிடம் பாட்டு கற்கிறாள். வீட்டில் பயிற்சி செய்யட்டும் என்று என் மகன் ஒரு கீபோர்டு வாங்கி, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, சரளி வரிசை வாசிக்க வேண்டிய கட்டைகளில் எல்லாம் ச, ரி, க, ம என்று அழகாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். போன மாதம் ஒரு நாள் அவள் என்னிடம் ஓடிவந்து, "ஆச்சி, கீபோர்டு ரிப்பேர். ச-வைத் தொட்டா சுருதிப் பெட்டியோட சண்டை போடுது. ரி-யைத் தொட்டாத்தான் சேருது" என்றாள்.

கீபோர்டில் ஒரு பழுதும் இல்லை. குழந்தையின் காதிலும் இல்லை. அவளுடைய ஆசிரியர் ஒன்றரைக் கட்டையில் சொல்லித் தருகிறார். சுருதிப் பெட்டியும் ஒன்றரையில் இருந்தது. ஸ்டிக்கரோ ஒரு கட்டையைச் ச ஆக்கி ஒட்டப்பட்டிருந்தது. ரி என்று ஒட்டியிருந்த கறுப்புக் கட்டைதான் உண்மையில் ஒன்றரைக் கட்டை. அன்றைய சுருதிக்கு அதுதான் ச. அவள் காது சரியாகச் சொன்னதை ஸ்டிக்கர் தப்பு என்றது.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆர்மோனியத்திலும் கீபோர்டிலும் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கும் வெள்ளைதான் ஒரு கட்டை. அங்கிருந்து வெள்ளைகளை 1 முதல் 7 வரை எண்ணுகிறோம். நடுவே வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்வதில்லை. இந்த எண்கள் ஒலியின் உயரத்தைச் சொல்கின்றன. ச ரி க ம அதைச் சொல்வதில்லை. குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பேத்திக்கு நான் உறவுமுறையை வைத்து விளக்கினேன். என் அக்காவை நான் அக்கா என்கிறேன். என் மகன் பெரியம்மா என்கிறான். பேத்திக்கு அவள் பெரிய ஆச்சி. ஆள் ஒருத்திதான். ரேஷன் கார்டில் உள்ள பெயர் மாறாது, கூப்பிடுகிறவர் யார் என்பதைப் பொறுத்து முறை மாறும். ஒன்றரைக் கட்டை என்பது ரேஷன் கார்டுப் பெயர். ச, ரி, க என்பவை முறைப் பெயர்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது என் அக்காவின் நெற்றியில் 'பெரியம்மா' என்று எழுதி ஒட்டி, ஊரே அவளை அப்படிக் கூப்பிட வேண்டும் என்பது போல.

முறை என்றால் எதற்கு எது முறை? ச எந்த உயரத்தில் நின்றாலும் ப அதைப் போல ஒன்றரை மடங்கு. மேல் ச இரண்டு மடங்கு. ஆண்கள் பாடும் ஒரு கட்டையில் ச விநாடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வுகள். அப்படியானால் ப 196, மேல் ச 262. இன்னொருவர் ஐந்து கட்டையில் சுருதி வைக்கிறார், அவருடைய ச 196. ப 294, மேல் ச 392. கவனித்துப் பாருங்கள், முதலாமவரின் ப-வும் இரண்டாமவரின் ச-வும் ஒரே ஒலி, அதே 196. எண்கள் எல்லாம் மாறிவிட்டன, மடங்கு மாறவில்லை. நம் காது பாட்டாக எடுத்துக்கொள்வது அந்த மடங்கைத்தான். அதனால்தான் அப்பாவும் மகளும் வேறு வேறு உயரத்தில் பாடினாலும் அது ஒரே பாட்டு என்று நமக்கு உடனே தெரிகிறது.

கட்டைகளில் இது எப்படித் தெரியும் என்று அவளுக்கு வாசித்தே காட்டினேன். பிள்ளைகள் முதலில் கற்கும் மாயாமாளவகௌளை, ஒரு கட்டையை ச என்று வைத்தால் 1, 1½, 3, 4, 5, 5½, 7 என்று போகும். ஐந்தை ச என்று வைத்தால் 5, 5½, 7, 1, 2, 2½, 4½. கறுப்பு வெள்ளை வரிசையே வேறாகிவிடுகிறது. விரல் வேறு பாதையில் போகிறது, காதுக்கு அதே ராகம். அவள் சிரித்தாள். அடுத்து ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொன்னேன். சுருதிப் பெட்டியை நாலரையில் வைத்து நாலரையிலிருந்து தொடங்கினால் மோகனம். அதே ஐந்து கட்டைகள்தான், சுருதியை ஆறரைக்கு மாற்றி அங்கிருந்து தொடங்கினால் இந்தோளம். கட்டை ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாலரைக் கட்டை முதலில் ச-வாக இருந்தது, இப்போது த ஆகிவிட்டது. யார் ச என்று சுருதி சொல்கிறது, மற்றவர்கள் அதற்கேற்ப முறை பெறுகிறார்கள்.

வெளிநாட்டு முறையில் பழகியவர்கள் சிலர், டோ என்றால் குறிப்பிட்ட ஒரு கட்டைதான், ஆகவே ச-வும் அதுதான் என்று வாதிடுவார்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் டோ ரே மி என்பவை கட்டைகளின் நிலையான பெயர்கள், அது உண்மை. அவர்கள் ஊரில் அது ரேஷன் கார்டுப் பெயர், அவ்வளவுதான். இங்கிலாந்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு டோவை நகர்த்திச் சொல்லிக் கொடுக்கும் முறை ஒன்று பரவியது. நம் ச அந்த இரண்டாவது வகை. நம் பழைய பெயர்களும் அப்படித்தான். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, அவரவர் நின்ற இடத்தை வைத்துக் குரல், துத்தம் என்று பெயரிடுகிறாள். அந்தப் பெண்கள் பிறந்தபோது வைத்த பெயர்களல்ல அவை.

இவ்வளவுக்கும் என்ன, ஒரு ஸ்டிக்கர்தானே, கிழித்துப் போட்டால் போயிற்று என்று நினைக்கலாம். எனக்கு உறுத்தியது வேறு. ச என்பது நகரக்கூடியது என்று தெரியாத வீட்டில், குழந்தை ஏன் ஒன்றரைக் கட்டையில் பாட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒன்றரை அந்த ஆசிரியரின் குரலுக்கு ஏற்ற சுருதி. பெரும்பாலான ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுகிறவர்கள். பெண்களும் குரல் உடையாத பிள்ளைகளும் நாலரை முதல் ஆறு வரை. ஆசிரியரின் ச 139 அதிர்வு. அவ்வளவு கீழே பேத்தியின் குரலே இல்லை. அதனால் ஒரு ஸ்தாயி மேலே, 277-இல் பாடுகிறாள். சரளி வரிசையில் மேல் ச வந்தால் 554. அந்த இடத்தில் புருவம் ஏறும், முகவாய் மேலே தூக்கும், கழுத்து நரம்பு தெரியும். ஒரு மாதமாக "மேலே போனா கத்துறே" என்று திட்டு வாங்கியிருக்கிறாள். எனக்குக் குரல் நல்லாயில்லை என்று அவளே முடிவு கட்டியிருந்தாள்.

அன்று மாலை சுருதிப் பெட்டியை ஆறு கட்டைக்கு மாற்றினேன். இப்போது அவள் ச 220, மேல் ச 440. அதே சரளி வரிசையைப் பாடினாள். முகவாய் அசையவில்லை. மேல் க வரை போகச் சொன்னேன், அது 550. அதாவது முன்பு மேல் ச-வுக்குப் பட்ட பாட்டில் இப்போது மேல் க-வையே தொட்டுவிட்டாள். கீழே நி, த வரை இறங்கியும் குரல் கேட்டது. ஐந்தரையும் வைத்துப் பார்த்தோம். மேலே இன்னும் சுகம், ஆனால் கீழ் த-வில் வெறும் காற்றுதான் வந்தது. ஆறு என்று முடிவு செய்தோம். சுருதி பார்ப்பது இவ்வளவுதான். கீழே இறங்கும்போது குரல் காற்றாகக் கூடாது, மேலே ஏறும்போது கழுத்து இறுகக் கூடாது, இரண்டுக்கும் நடுவே ச-வை வைக்க வேண்டும்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிகளில் காலை வழிபாடு நடத்தியவள் நான். தமிழ்த்தாய் வாழ்த்தை எந்தக் குழந்தை தொடங்குகிறதோ, அது வாயெடுத்த உயரம்தான் அன்றைக்கு ஐந்நூறு பிள்ளைகளுக்கும் ச. கொஞ்சம் உயரத் தொடங்கிவிட்டால், பாட்டு மேலே ஏறும் இடத்தில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள், பெரிய பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே முனகுவார்கள். "ஏண்டா வாயைத் திறக்கல?" என்று அவர்களை அதட்டியிருக்கிறேன். திறந்து என்ன செய்வார்கள், அந்த உயரம் அவர்களிடம் இல்லை. பணியின் கடைசி சில வருடங்களில்தான், தொடங்கும் பிள்ளைக்கு முதலில் ஒரு சிறு சுருதிப் பெட்டியைக் கேட்க வைத்துவிட்டுத் தொடங்கச் சொன்னேன். சத்தம் கூடியது. ஆனாலும் கூட்டமாகப் பாடும்போது ஒரே சுருதிதான் வைக்க முடியும், அதில் ஒருசிலர் கஷ்டப்படத்தான் செய்வார்கள். அதற்கு வழியில்லை. தனியாகக் கற்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

"என் சுருதியிலேயே கேட்டுப் பழகினால்தான் குழந்தை பிடித்துக்கொள்ளும்" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அவர் ஒன்றரையில் பாடிக் காட்ட, அவள் ஆறில் திருப்பிப் பாடுவது ஆரம்பத்தில் கடினம்தான். இப்போது நாங்கள் கண்டிருக்கும் ஏற்பாடு இது: வகுப்பில் அவர் சுருதியில் கேட்டுக்கொண்டு மெதுவாகப் பாடுகிறாள், வீட்டுப் பயிற்சி முழுவதும் ஆறு கட்டை. நான் பேசிய பிறகு அவரும் வாரத்தில் ஒரு நாள் அவள் சுருதியில் பெட்டியை வைத்துக் கேட்கிறார். முதல் வாரம் தடுமாறினாள். மூன்றாவது வாரம் எந்தச் சுருதி வைத்தாலும் தானே ச-வைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டிக்கரைப் பார்த்து வாசித்திருந்தால் இது வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பையன்களைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு கட்டையில் பாடிக்கொண்டிருந்த பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும்போது பழைய ச ஓடிப்போய்விடும். அப்போது பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம், மெதுவாகப் பாடட்டும். சில மாதங்களுக்கு ஒரு தரம் சுருதியைப் பார்த்து இறக்கிக்கொண்டே வந்தால், ஒன்றிலோ இரண்டிலோ வந்து நிற்கும்.

ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி எடுத்தாயிற்று. பசை மட்டும் இன்னும் போகவில்லை, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு நோட்டின் முதல் பக்கத்தில் 'சுருதி: 6' என்று எழுதித் தேதியும் போட்டிருக்கிறாள். பென்சிலால்தான் எழுதியிருக்கிறாள்.