'எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?': 14 வயசுல கேட்ட பாட்டு மட்டும் ஏன் மனசை விட்டுப் போக மாட்டேங்குது?

குடும்பத்தோடு காரில் ஊருக்குப் போகும்போது ப்ளூடூத் யார் போனில் கனெக்ட் ஆகிறது என்பதுதான் பெரிய அரசியல். அப்பா இளையராஜா போடச் சொல்வார். அக்காவுக்கு ரஹ்மான் வேண்டும். பின் சீட்டில் இருக்கும் தம்பி, அனிருத் இல்லாமல் திண்டிவனத்தைக்கூடத் தாண்டவிட மாட்டான். 'எங்க காலத்துல எல்லாம்...' என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் முடிந்தது, விழுப்புரம் வரை அதே பஞ்சாயத்துதான்.

இந்தப் பஞ்சாயத்துக்கு ராகம், தாளம் எதுவும் தெரிய வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு போதும். பிறந்த வருஷத்தோடு 14-ஐக் கூட்டிப் பாருங்கள். 1962-ல் பிறந்தவருக்கு வருவது 1976, இளையராஜா அறிமுகமான 'அன்னக்கிளி' வெளியான ஆண்டு. 1978-ல் பிறந்தவருக்கு 1992, 'ரோஜா'. 1987-ல் பிறந்தவருக்கு 2001, ஹாரிஸ் ஜெயராஜின் 'மின்னலே'. 1997-ல் பிறந்தவருக்கு 2011, அந்த ஆண்டின் கடைசியில்தான் 'கொலவெறி' வந்தது. தமிழ் சினிமா இசையின் பொற்காலம் எது என்று இந்த நான்கு பேரிடமும் கேட்டால் நான்கு பதில் வரும். நான்குமே அவரவர் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வசதியான உதாரணங்களாகப் பொறுக்கி எடுத்ததுபோலத் தோன்றலாம். ஆனால் 14 என்ற எண் சும்மா வந்ததில்லை.

இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ஜாகுபோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 82 வயது வரையிலான 470 பேரிடம், 1950-லிருந்து 2015 வரை ஹிட்டான 111 பாடல்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று விஷயம் கேட்கப்பட்டது. இந்தப் பாட்டு எவ்வளவு பரிச்சயம்? இது உங்கள் வாழ்க்கையில் நடந்த எதையாவது ஞாபகப்படுத்துகிறதா? இது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்? வாழ்க்கை ஞாபகங்களை அதிகமாகக் கிளப்பிய பாடல்களை, கேட்டவரின் வயதோடு பொருத்திப் பார்த்தபோது, பாட்டு வெளியான நேரத்தில் அவருக்குச் சுமார் 14 வயது இருந்திருக்கிறது. இன்று அவருக்கு 40 ஆனாலும் 70 ஆனாலும் கதை இதுதான்.

ஸ்பாட்டிஃபை கணக்குகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. தரவு ஆய்வாளர் சேத் ஸ்டீஃபன்ஸ் டேவிடோவிட்ஸ் 2018-ல் அந்தத் தரவுகளை அலசினார். 'ரேடியோஹெட்' குழுவின் 'க்ரீப்' பாட்டு 1993-ல் பெரிய ஹிட். 2018-ல் 38 வயதில் இருந்த ஆண்கள் மத்தியில் அது 164-வது இடத்தில் இருந்தது. அவர்களைவிடப் பத்து வயது மூத்தவர்களிடமும் பத்து வயது இளையவர்களிடமும் முதல் 300-க்குள்ளேயே அது இல்லை. பாட்டு வந்தபோது அந்த 38 வயதுக்காரர்கள் டீன் ஏஜில் காலெடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாபகம் வேறு, பிடிப்பது வேறு

டர்ஹம் ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதுபற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 40 வயதைத் தாண்டியவர்கள், தங்கள் டீன் ஏஜ் பாடல்களை மற்ற காலத்துப் பாடல்களைவிட அதிகம் பிடிக்கும் என்றார்கள். 40-க்குக் கீழே இருந்தவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. சில இடங்களில், தாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்த பாடல்களுக்கு அவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். ஆனால் வாழ்க்கை ஞாபகத்தைக் கிளப்பும் வேலையை அவர்களுக்கும் அந்த டீன் ஏஜ் பாட்டுதான் செய்தது.

அதாவது, ஒரு பாட்டு பிடிக்காமலேயே நெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியும். எட்டாம் வகுப்பில் ஸ்கூல் வேனில் தினமும் ஓடிய மொக்கைப் பாட்டு ஒன்று எல்லோருக்கும் இருக்கும். இன்று டீக்கடையில் அது கேட்டால் சிரிப்பு வரும், கூடவே வேனின் சீட் வாசனையும் வரும். அதனால் 'இன்னும் ஞாபகம் இருக்கு, அப்போ அது நல்ல பாட்டுதானே' என்ற வாதம் கார் பஞ்சாயத்தில் செல்லாது.

ஏன் அந்த வயசு?

'டீன் ஏஜ் மூளை, ஹார்மோன், டோபமைன்' என்று ஒரே மூச்சில் முடிக்கும் ரீல்ஸ்கள் நிறைய உண்டு. பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரக்கிறது என்பது உண்மைதான், கனடாவின் மான்ட்ரியலில் செய்த ஆய்வு 2011-ல் அதைக் காட்டியது. ஆனால் இசை ஏன் இன்பம் தருகிறது என்பதற்குத்தான் அது பதில். 34 வயதில் கேட்டதைவிட 14 வயதில் கேட்டது ஏன் தங்குகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதற்கு வலுவான பதில் ஹார்மோனில் இல்லை, நினைவில் இருக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக வந்து விழும். உளவியலில் இதற்கு 'நினைவு மேடு' என்று பொருள்படும் பெயரே உண்டு. வயதை ஒரு அச்சிலும் ஞாபகங்களின் எண்ணிக்கையை இன்னொரு அச்சிலும் வைத்து வரைபடம் போட்டால், அந்த இடத்தில் மட்டும் கோடு மேடாக எழும்பும். முதல் நண்பர் கூட்டம், முதல் காதல், முதல் தோல்வி, வீட்டை விட்டு முதல் ஹாஸ்டல் என்று எல்லாமே முதல் முறையாக நடக்கும் காலம் அது. 'நான் யார்' என்ற கேள்விக்குப் பதில் தேடும் காலமும் அதுதான். யாருடைய ரசிகன் என்பதும் அந்தப் பதிலில் ஒரு பகுதி.

இது வெறும் வயது விஷயமில்லை என்பதற்கு ஒரு துப்பு உண்டு. ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த முதியவர்களிடம் 1998-ல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பாட்டைப் பற்றியதல்ல, பொதுவான வாழ்க்கை ஞாபகங்களைப் பற்றியது. 30-களின் நடுவில் நாடு மாறியவர்களுக்கு அந்த மேடு, நாடு மாறிய வயதுக்குத் தள்ளிப்போயிருந்தது. வாழ்க்கை புரண்டு புதிதாக ஆரம்பிக்கும் இடத்தில் நினைவுகள் குவிகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் புரட்டல் பதின்வயதில் நடப்பதால்தான் பாட்டும் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டுவதற்கு இன்னொரு காரணம், எத்தனை முறை கேட்டோம் என்பது. ஒரே கேசட்டை டேப் சிக்கும்வரை கேட்டவர்கள், பென் டிரைவில் இருந்த 40 பாட்டையே மூன்று வருஷம் ஓட்டியவர்கள் எல்லாம் நம்மோடுதான் இருக்கிறார்கள். பிறகு வேலை, கல்யாணம் என்று போனபின் அந்தப் பாட்டைத் தொடுவதில்லை. அதனால் அது அந்தக் காலத்துக்கு மட்டுமான சாவியாகவே இருந்துவிடுகிறது. விட்டுவிட்டு ஒருநாள் கேட்கும்போது பழைய வகுப்பறை திறக்கிறது. 14 வயதிலிருந்து இன்றுவரை தினமும் ஜிம்மில் கேட்கும் பாட்டுக்கு அந்தச் சக்தி குறைவு, அதில் பத்து வருஷ ஞாபகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

அப்பாவின் பாட்டு எப்படி நமக்கு ஃபீல் ஆகுது?

2000-க்குப் பிறகு பிறந்தவர்கள் எண்பதுகளின் ராஜா பாட்டுக்கு உருகுவது ஏன் என்று ஒரு நியாயமான கேள்வி வரும். அமெரிக்க உளவியலாளர் கரோல் க்ரம்ஹான்சல் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இதே விஷயம் எட்டிப் பார்த்தது. சுமார் 20 வயதுள்ள 62 கல்லூரி மாணவர்களுக்கு, 1955 முதல் 2009 வரையிலான அமெரிக்க ஹிட் பாடல்களைப் போட்டுக் காட்டினார். தங்கள் காலத்துப் பாடல்களோடு, எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தவற்றுக்கும் மாணவர்கள் உருகினார்கள். அது அவர்களுடைய அப்பா, அம்மா இளைஞர்களாக இருந்த நேரம். அறுபதுகளின் பாடல்களுக்கும் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அது தாத்தா பாட்டி காலத்துச் சொத்தா, அந்தப் பாடல்களே அவ்வளவு நன்றாக இருந்தனவா என்பது முடிவாகவில்லை. பொற்காலம் என்ற வாதத்துக்கு அந்த ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது.

பாட்டிக்குத் தப்பான ப்ளேலிஸ்ட்

இதெல்லாம் நாஸ்டால்ஜியா ரசிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. மறதி நோய் வந்த தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. அமெரிக்காவில் பீட்டர் ஜனாட்டா 2009-ல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், கேட்பவரின் சிறுவயது, பதின்வயதுக் காலத்துப் பாடல்களைப் போட்டபோது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் நடுப்பகுதி ஒன்று, பாட்டையும் சொந்த வாழ்க்கை ஞாபகத்தையும் சேர்த்துப் பின்தொடர்வது தெரிந்தது. அல்சைமர் நோயில் அந்தப் பகுதி மற்ற பல பகுதிகளைவிடத் தாமதமாகத்தான் சிதைகிறது. பேரன் பெயர் மறந்தவர் பாட்டின் அடுத்த வரியைப் பிடித்துப் பாடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதுகிறார்.

இங்கேதான் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. 80 வயதுப் பாட்டிக்கு 'பழைய பாட்டு' போடலாம் என்று பேத்தி தேடினால், கைக்கு முதலில் வருவது எண்பதுகளின் இளையராஜா. பேத்திக்கு அது பழசு. பாட்டிக்கு அப்போது 40 வயது, இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் டிபன் கட்டிக்கொண்டிருந்த காலம். 1945-ல் பிறந்தவருக்கு 14 வயது என்றால் 1959, ஏ.எம்.ராஜா இசையமைத்த 'கல்யாணப் பரிசு' வந்த ஆண்டு. அங்கிருந்து 'பாசமலர்' (1961), 'காதலிக்க நேரமில்லை' (1964) என்று மேலே வரலாம். சினிமாவே பார்க்க விடாத வீட்டில் வளர்ந்தவர் என்றால் கணக்கு வேறு. கோயில் ஸ்பீக்கர், பஜனை, பள்ளிக்கூடப் பிரார்த்தனை, பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்ட இலங்கை வானொலி என்று அவருடைய தம்பி, தங்கைகளிடம் விசாரித்தால்தான் தெரியும்.

வேலை செய்கிறதா என்பதை முகத்தில் பார்க்கலாம். காலோ விரலோ தாளம் போடும், உதடு வரிகளை முணுமுணுக்கும், சில நேரம் ஒரு பெயரோ ஊரோ வாயில் வரும். முகம் சுருங்கினால், கை துணியைப் பிசைய ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், அந்தப் பாட்டோடு ஒட்டியிருப்பது ஒரு சாவாகவும் இருக்கலாம். நோயைப் பாட்டு குணமாக்காது. மறதி நோயாளிகளுக்கான இசைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, மனச்சோர்வு குறைய வாய்ப்பிருக்கிறது, ஆனால் நினைவாற்றலிலும் சிந்தனைத் திறனிலும் பெரிய மாற்றமில்லை என்றுதான் சொல்கிறது. கிடைப்பது ஒரு நல்ல சாயங்காலம்.

விசாரிக்க வேண்டிய தம்பி, தங்கைகளுக்கும் இப்போது எழுபது தாண்டியிருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போனில் ஒரு லிஸ்ட் எடுத்துவிடலாம்.