வரிக்கு ஒரு வால்

ஒரு மெயில். அதுல அஞ்சே அஞ்சு பாயிண்ட். இதை ஒழுங்கா எழுத முடியாதா?

வாலாஜாபேட்டைக்கும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும் நடுவுல தோல் வேலையில இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி மெயில் தெரிஞ்சிருக்கும். ஆபீஸ்ல ஒருத்தர் டைப் அடிப்பார். ஃபினிஷிங் சூப்பர்வைசர் அதை வாட்ஸ்அப்ல படிப்பார். பேக்கிங்ல பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டுவாங்க. எல்லாருக்கும் புரியணும்னுதான் தமிழ்ல எழுதறாங்க. எங்க புரியுது? ஷூ மேல்தோல் ஆர்டர் ஒண்ணுக்கு வந்த மெயிலைப் பாருங்க.

வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை:
• ஷேட் கார்டுக்கு பையரிடம் அப்ரூவல் வாங்கவும்
• குரோம் சிக்ஸ் டெஸ்ட்
• திக்னஸ் 1.2 முதல் 1.4 எம்எம் வரை இருக்கிறதா என்று பார்க்கப்படும்
• பேக்கிங் லிஸ்ட் ரெடி
• அளவு மெஷின் ரிப்பேர், ஆளைக் கூப்பிட்டிருக்கிறோம்

மேலோட்டமா பார்த்தா நல்லாத்தான் இருக்கு. புள்ளி வெச்சிருக்காங்க, வரி சின்னதா இருக்கு. இப்போ ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கையால மறைச்சுக்கிட்டு மேலேருந்து கீழே படிங்க. வாங்கவும். டெஸ்ட். பார்க்கப்படும். ரெடி. கூப்பிட்டிருக்கிறோம்.

அஞ்சு வரி, அஞ்சு விதமான முடிவு. ஒண்ணு கட்டளை. ஒண்ணு வெறும் பெயர். ஒண்ணு யாரோ எப்பவோ செய்வாங்கன்னு சொல்லுது. ஒண்ணு முடிஞ்சதா முடியணுமான்னே தெரியல. கடைசி ஒண்ணு செய்தி. தலைப்போ, ‘செய்ய வேண்டியவை’!

ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுக்கிறதெல்லாம் இங்கிலீஷ் மெயிலுக்கான பாடம். ஒவ்வொரு பாயிண்டையும் வினைச்சொல்லில ஆரம்பிங்கன்னு சொல்லுவாங்க. இங்கிலீஷுக்கு அது சரி. நம்ம வாக்கியத்துல வினை கடைசியிலதானே வந்து உட்காருது? செய்யணுமா, செஞ்சாச்சா, செய்யப்போறாங்களா, எல்லாமே அந்த வால்லதான் இருக்கு. அதனால தமிழ்ல வரிசை சமமா இருக்கான்னு பார்க்க வரியோட முதலைப் பார்த்து பிரயோஜனமில்லை, முடிவைப் பார்க்கணும். அங்க ஒரு எழுத்து மாறினா வேலையே மாறிடுது.

மாறிச்சா இல்லையா, நடந்ததைக் கேளுங்க.

‘குரோம் சிக்ஸ் டெஸ்ட்.’ இதைப் படிச்ச லேப்காரர், மெர்ச்சண்டைசிங்ல சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்பிட்டாங்க, ரிப்போர்ட் வரும்னு இருந்தார். மெர்ச்சண்டைசிங்ல, டெஸ்ட்னா அது லேப் வேலைதானேன்னு இருந்தாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல முடியுமா? அந்த வரியில வினையே இல்லையே! இது சாதாரண டெஸ்டும் இல்லை. நாம பதனிடுற குரோமியம் மூணாம் வகை. சூடு, வெளிச்சம், ஒத்துவராத ஃபேட் லிக்கர் எண்ணெய் இதெல்லாம் சேர்ந்தா அதுல கொஞ்சம் ஆறாம் வகையா மாறலாம். உடம்புல படுற தோல் பொருள்ல அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே ஐரோப்பாவில விற்க முடியாது, 2015 மே மாசத்திலேருந்து இதான் சட்டம். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு மூணு வார்த்தை. அதுலயும் யார் என்ன செய்யணும்னு இல்லை.

அடுத்தது ‘பேக்கிங் லிஸ்ட் ரெடி.’ வெள்ளிக்கிழமை பேக்கிங்ல இருக்கிற பாய்கிட்ட லிஸ்ட் எங்கேன்னு கேட்டா, “இன்னா சார், ஆபீஸ்லதான ரெடின்னு போட்டிருக்காங்க”ன்னார். எழுதினவர் மனசுல இருந்தது ‘ரெடி பண்ணவும்.’ அந்த ‘பண்ணவும்’ எங்க போச்சு? டைப் அடிக்க அவ்வளவு கஷ்டமா?

என் ஆதங்கம் இலக்கணப் பிழையோட நிக்கல. ஒரே மாதிரி முடிக்க உட்கார்ந்திருந்தா, எது இன்னும் முடிவாகலைன்னு எழுதினவருக்கே தெரிஞ்சிருக்கும். நான் அதே மெயிலை எடுத்து எல்லா வரியையும் யார், என்ன, எப்போன்னு ஒரே அச்சுல வெச்சுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை:
• மெர்ச்சண்டைசிங்: ஷேட் கார்டுக்கு பையரிடம் திங்களுக்குள் அப்ரூவல் வாங்கவும்
• லேப்: குரோம் சிக்ஸ் டெஸ்டுக்கு சாம்பிள் வெட்டி, திங்களே வெளி லேபுக்கு அனுப்பவும்
• ஃபினிஷிங்: திக்னஸ் 1.2 முதல் 1.4 எம்எம் வரை இருக்கிறதா என்று அளந்து, புதனுக்குள் ரிப்போர்ட் கொடுக்கவும்
• பேக்கிங்: பேக்கிங் லிஸ்டைத் தயார் செய்து, வியாழனுக்குள் ஆபீசுக்கு அனுப்பவும்

வாங்கவும், அனுப்பவும், கொடுக்கவும், அனுப்பவும். இப்போ கண்ணு எங்கயும் தட்டாம இறங்குது. அஞ்சாவது வரி மட்டும் இந்த அச்சுல வரமாட்டேங்குது. ஏன்னா அது வேலையே இல்லை, தகவல். அதை இழுத்து வளைச்சு ‘கூப்பிடவும்’னு ஆக்கக் கூடாது, ஆளைத்தான் ஏற்கெனவே கூப்பிட்டாச்சே. லிஸ்ட்டுக்கு வெளியே தனி வாக்கியமா எழுதணும்: ‘அளவு மெஷின் ரிப்பேரில் இருக்கிறது, புதனுக்குள் ஓடினால்தான் வியாழனுக்குள் பேக்கிங் லிஸ்ட் வரும்.’

பாத்தீங்களா? சதுர அடி அளக்காம பேக்கிங் லிஸ்ட் எப்படிப் போடுவாங்க? மெஷின் ரிப்பேர்ல கிடக்கும்போது லிஸ்ட் எப்படி ‘ரெடி’ ஆகும்? அந்த மெயில்ல நாலாவது வரியும் அஞ்சாவது வரியும் ஒண்ணை ஒண்ணு மறுத்துக்கிட்டு நின்னுது. ஒருத்தர் கண்ணுலயும் படல. வரி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில முடிஞ்சா எப்படிப் படும்?

இன்னொரு கூத்தும் நடக்குது. சரி சார், ஒரே மாதிரி எழுதறேன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் ‘படும்’ல முடிப்பாங்க. வாங்கப்படும், அனுப்பப்படும், பார்க்கப்படும், தயார் செய்யப்படும். வரிசை சமம்தான், ஆனா ஒரு வரியிலயாவது ஆள் இருக்காரா? ஆளே இல்லாத சமம் எதுக்கு? முடிஞ்ச வேலையும் பாக்கி வேலையும் கலந்திருந்தா, ரெண்டு லிஸ்ட்டா பிரிங்க. ‘முடிந்தவை’க்குக் கீழே எல்லாம் ‘அனுப்பியாச்சு’, ‘வாங்கியாச்சு’. ‘செய்ய வேண்டியவை’க்குக் கீழே எல்லாம் ‘அனுப்பவும்’, ‘வாங்கவும்’. ஒரே லிஸ்ட்டுக்குள்ள ரெண்டு வாலையும் கலக்காதீங்க. அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொன்னா, “மெயில் போட்டாச்சுல்ல, விடுங்க சார்”ங்கிறாங்க. இதுலதான் எனக்கு வயிறு எரியுது. மெயில் போடுறதே வேலை முடிஞ்சதுக்குச் சாட்சியா ஆயிடுச்சு. யார் செய்யணும்னு எழுதினா அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசணும், தேதி எழுதினா அதுக்குப் பதில் சொல்லணும். மொட்டையா ‘டெஸ்ட்’னு விட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கடைசியில சரக்கு நிக்குது, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் நிக்கிறது அந்த மெயிலை எழுதாத பேக்கிங் ஆளுங்க.

அனுப்பற பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி கடைசி வார்த்தைகளை மட்டும் மேலேருந்து கீழே ஒரு தடவை படிங்கய்யா. எந்த வரி ஒத்துவரலையோ, அதை யார் செய்யப்போறாங்கன்னு உங்களுக்கே தெரியலைன்னு அர்த்தம். போய் அந்த ஆளைக் கேட்டுட்டு வந்து, அப்புறம் அனுப்புங்க.