பென்ஷன் ஃபைல் எங்கே நிற்கிறது? ஆர்டிஐ மனுவில் ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது

அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவின் பெயரில் விதவை ஓய்வூதியத்துக்கு 10டி படிவம் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. பிஎஃப் அலுவலகத்தின் இணையதளத்தில் பார்த்தால் ‘Under Process’ என்ற இரண்டே வார்த்தைகள்தான். போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. நேரில் போனால் “இன்னும் வரல, அடுத்த வாரம் வாங்க” என்கிறார்கள். எது வரவில்லை, எங்கிருந்து வரவேண்டும் என்று கேட்டால் பதில் கிடையாது.

வெளியூரில் ஐடி வேலையில் இருக்கும் மகனோ மகளோ இந்தக் கட்டத்தில்தான் ‘ஆர்டிஐ போட்டுடலாம்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். பத்து ரூபாய் கட்டி, “என் அம்மாவின் பென்ஷன் ஏன் இன்னும் வழங்கப்படவில்லை? யார் பொறுப்பு? எப்போது கிடைக்கும்?” என்று மூன்று கேள்விகள் எழுதி அனுப்புகிறார்கள். முப்பது நாள் கழித்து ஒரு வரியில் பதில் வருகிறது: ‘கேட்கப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது.’

கோபம் வரும்தான். ஆனால் அந்தப் பதில் பெரும்பாலும் சட்டப்படி நிற்கும்.

‘ஏன்’ என்பது ஏன் வேலைக்கு ஆகாது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைப் பெறுவதற்கான சட்டம். கோப்பு, குறிப்பு, கடிதம், பதிவேடு, கணினியில் உள்ள தரவு எல்லாமே இதில் அடங்கும். ஆனால் உங்கள் கேள்விக்காக உட்கார்ந்து யோசித்து, காரணம் கண்டுபிடித்து, விளக்கம் எழுதித் தரவேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. ‘ஏன்’ என்ற கேள்விக்கான பதில் தகவல் ஆகாது என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008-இல் சொன்னது. இல்லாத தகவலை உருவாக்கித் தரவேண்டியதில்லை என்று 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் தாமதத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ளவே முடியாதா? முடியும். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நின்றால், அது நின்ற தடயம் எங்காவது எழுத்தில் இருக்கும். எந்தப் பிரிவுக்கு எந்தத் தேதியில் போனது, அங்கே என்ன குறிப்பு எழுதினார்கள், யாருக்குக் கடிதம் போட்டார்கள் என்பதெல்லாம் பதிவாகிறது. காரணத்தைக் கேட்காமல், காரணம் எழுதப்பட்டிருக்கும் காகிதத்தைக் கேட்கவேண்டும்.

மனுவில் என்ன எழுதுவது?

மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அப்பா முதலில் கர்நாடகாவில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிறகு மகாராஷ்டிராவுக்கு மாறி, அங்கேயே கடைசிவரை இருந்தார். 10டி படிவம் மகாராஷ்டிராவில் உள்ள மண்டல அலுவலகத்தில் ஜூன் 3 அன்று கொடுக்கப்பட்டது. கையில் ஒப்புகை எண் இருக்கிறது. இந்த எண்ணும் யுஏஎன் எண்ணும் மனுவின் முதல் வரியிலேயே வரட்டும். எந்த மண்டல அலுவலகம் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மனு டெல்லியில் தொடங்கி ஊர் சுற்றும்.

அதன்பிறகு நான்கு விஷயங்கள் போதும்:

“1. மேற்கண்ட விண்ணப்பம் பெறப்பட்ட நாள் முதல் இன்றுவரை அது எந்தெந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, ஒவ்வொரு பிரிவிலும் கையாண்ட அலுவலரின் பதவி என்ன என்பதைக் காட்டும் பதிவின் நகல்.

2. இந்த விண்ணப்பம் தொடர்பான குறிப்புத் தாள்கள் அனைத்தின் நகல். மின்கோப்பாக இருந்தால் அதன் அச்சுப் பிரதி.

3. விண்ணப்பத்தில் குறை ஏதும் பதிவு செய்யப்பட்டிருந்தால் அந்தப் பதிவின் நகல், அதை விண்ணப்பதாரருக்குத் தெரிவித்த கடிதத்தின் நகல், அனுப்பிய எண் மற்றும் தேதியுடன்.

4. இது தொடர்பாக வேறு எந்த அலுவலகத்துக்கோ நிறுவனத்துக்கோ எழுதிய கடிதங்கள், வந்த பதில்கள் ஆகியவற்றின் நகல்.”

மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். விண்ணப்பத்தில் குறை இருந்தால் அதை எழுத்தில் பதிவு செய்து, விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1995 ஓய்வூதியத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆக, குறை இருந்தால் கடிதம் இருந்தாகவேண்டும். கடிதம் இல்லை என்று பதில் வந்தால், விதிப்படி செய்யவேண்டியதை அலுவலகம் செய்யவில்லை என்பதற்கு அந்தப் பதிலே ஆதாரம்.

முதல் கேள்வியில் பெயர் கேட்காமல் பதவி கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. பெயர் கேட்டால் ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி ஒதுக்க வழி கிடைக்கும். ‘பிரிவு மேற்பார்வையாளர்’ என்று தெரிந்தாலே நமக்குப் போதும்.

மொழி விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். ஆங்கிலம், இந்தி, அல்லது மனு செய்யும் பகுதியின் ஆட்சிமொழியில்தான் எழுதவேண்டும் என்கிறது சட்டம். மகாராஷ்டிரா அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுவதுதான் சுலபம்.

யார் பெயரில் போடுவது?

இங்கேதான் படித்த பிள்ளைகள் சறுக்குகிறார்கள். கணினி தெரிந்தவர் நாம்தானே என்று சொந்தப் பெயரிலேயே போட்டுவிடுகிறோம். அலுவலகத்தின் பார்வையில் நீங்கள் மூன்றாம் நபர். அம்மாவின் வங்கி விவரம், அப்பாவின் சம்பளப் பதிவு இதெல்லாம் இன்னொருவரின் தனிப்பட்ட தகவல்.

முன்பு, தனிப்பட்ட தகவலை மறுக்க, அதற்குப் பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லை அல்லது அது அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடு என்று காட்டவேண்டியிருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னாலே மறுக்க இடம் உண்டு. பொதுநலன் பெரிது என்று வாதாட 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் பென்ஷனுக்கு அந்த வாதத்தை நிறுவுவது கஷ்டம்.

அதனால் மனு அம்மாவின் பெயரில், அம்மாவின் முகவரியில் போகட்டும். நீங்கள் டைப் செய்துகொடுங்கள், தப்பில்லை. அவருடைய அடையாள அட்டை நகலையும் இணைத்துவிட்டால், ‘இது உங்கள் கோப்புதானா?’ என்ற கேள்விக்கே இடமில்லை.

மத்திய அரசு அமைப்பு என்பதால் rtionline.gov.in தளத்தில் போடலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மாநில அரசு ஊழியரின் பென்ஷன் என்றால் இந்தத் தளம் உதவாது. அந்தந்த மாநிலத்தின் விதியும் கட்டணமும் தனி.

பதில் வந்தது. எப்படிப் படிப்பது?

நம் உதாரணத்தில் குறிப்புத் தாளின் நகல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றே பதிவுகள். ஜூன் 3: விண்ணப்பம் பெறப்பட்டது. ஜூன் 19: ‘முந்தைய பணிக்கால விவரம் இல்லை, கர்நாடக அலுவலகத்திடமிருந்து அனெக்ஸர் கே கேட்கப்படுகிறது.’ அக்டோபர் 8: ‘பதில் வரவில்லை, நினைவூட்டலாம்.’

அனெக்ஸர் கே என்பது ஒரு பிஎஃப் அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பும் மாற்றுச் சான்று. ஊழியர் முன்பு எத்தனை நாள் வேலை பார்த்தார், எவ்வளவு பணம் மாற்றப்பட்டது என்ற விவரம் அதில் இருக்கும். பென்ஷன் தொகையைக் கணக்கிட பழைய சர்வீஸ் தேவைப்படுவதால் கோப்பு அங்கே நிற்கிறது. “இன்னும் வரல” என்று ஏழு மாதமாகக் கவுன்ட்டரில் சொன்னது இதைத்தான்.

இனி நான்காவது கேள்விக்கு வந்த பதிலைப் பாருங்கள். கர்நாடக அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் வந்திருக்கிறதா? அதில் அனுப்பிய எண், அதாவது டெஸ்பாட்ச் எண், இருக்கிறதா? நம் உதாரணத்தில் கடிதத்தின் வரைவு மட்டும் இருக்கிறது, எண் இல்லை. கடிதம் அலுவலகத்தை விட்டு வெளியே போனதற்கே தடயம் இல்லை! அங்கே கேட்டால் ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

எனவே இரண்டாவது மனு கர்நாடக அலுவலகத்துக்கு. இன்ன யுஏஎன் எண்ணுக்கான அனெக்ஸர் கே கேட்டு வந்த கடிதங்களின் பதிவு, அனுப்பப்பட்டிருந்தால் அதன் நகல். இவ்வளவுதான்.

அதுவரை சும்மா இருக்கவேண்டியதில்லை. ஆர்டிஐ மூலம் பென்ஷன் வாங்க முடியாது என்பதை மறந்துவிடுகிறோம். தகவல் அலுவலருக்கோ தகவல் ஆணையத்துக்கோ பென்ஷனை அனுமதிக்கும் அதிகாரம் கிடையாது. அதற்கு பிஎஃப் அமைப்பின் குறைதீர் தளமான epfigms.gov.in-இல், அல்லது மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் புகார் போடவேண்டும். வெறுமனே ‘பென்ஷன் வரவில்லை’ என்று போட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூடிவிடுவார்கள். ‘ஜூன் 19 குறிப்பில் சொல்லப்பட்ட கடிதத்துக்கு அனுப்பிய எண் இல்லை, நகல் இணைப்பு’ என்று போட்டால் அப்படி மூடுவது சுலபமில்லை. கேட்பதும் குறிப்பாக இருக்கட்டும்: அந்தக் கடிதத்தை இன்றே மின்னஞ்சலில் அனுப்பவேண்டும், அதன் நகல் எனக்கும் வேண்டும்.

பதிலே வராவிட்டால்?

முப்பது நாள் கெடு. மனு தவறான அலுவலகத்துக்குப் போய் மாற்றப்பட்டால் இன்னும் ஐந்து நாள் கூடலாம். கெடு தாண்டினால் சட்டப்படி அது மறுப்புதான். அன்றிலிருந்து முப்பது நாளுக்குள் அதே தளத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மட்டும் பதில் வந்தாலும் இதே வழிதான். எந்த எண்ணுள்ள கேள்விக்கு எந்த ஆவணம் தரப்படவில்லை என்று மட்டும் எழுதுங்கள், ஏழு மாத வேதனையை அங்கே கொட்டவேண்டாம். மேல்முறையீட்டு அலுவலர் முப்பது நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்லவேண்டும். பெரும்பாலும் அவர் அதே அலுவலகத்தின் மேலதிகாரி. கோப்பை அவர் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டிய கட்டாயம் வருகிறது என்பதே இதில் கிடைக்கும் பெரிய லாபம்.

அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தாமதித்த தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் முறை வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நடந்ததைக் கேட்டு அதே அலுவலகத்துக்குப் புது மனு ஒன்று போடுவது பல நேரம் வேகமான வழி. அக்டோபர் 8-க்குப் பிறகான குறிப்புத் தாள்களை மட்டும் கேளுங்கள். அக்டோபர் 8-க்குப் பிறகு ஒரு வரிகூட எழுதப்படவில்லை என்றால், அந்தத் தாளோடு மண்டல ஆணையரையே நேரில் பார்க்க நேரம் கேளுங்கள்.