ரெண்டு கம்பெனியிலும் டிடிஎஸ் பிடிக்கல... ஆனா ரூ.78,780 வரி! வேலை மாறியவர்கள் கவனிக்க

சம்பளத்தில் பிடிக்கப்படும் டிடிஎஸ் என்பது இறுதி வரி அல்ல. கம்பெனி போடும் ஒரு கணிப்பு மட்டுமே. ஆண்டின் நடுவில் வேலை மாறினால் அந்தக் கணிப்பு தப்பிவிடும்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

நிதியாண்டு தொடங்கும்போதே உங்கள் ஓராண்டு சம்பளத்தை கம்பெனி கணக்கிடும். அதற்கான வரியை 12 ஆகப் பிரித்து மாதாமாதம் பிடிக்கும். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் சம்பளத்திலிருந்து ரூ.75,000 நிலையான கழிவு உண்டு. அதைக் கழித்தபின் வருமானம் ரூ.12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரியே இல்லை.

சிக்கல் எங்கே?

ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ரூ.1 லட்சம் சம்பளத்தில் இருந்தார். ஆண்டுக்கு ரூ.12 லட்சம்தானே என்று முதல் கம்பெனி டிடிஎஸ் பிடிக்கவில்லை. அக்டோபரில் மாதம் ரூ.1.30 லட்சத்துக்கு வேறு வேலை. மார்ச் வரை ரூ.7.80 லட்சம்தான் வரும் என்று புதிய கம்பெனியும் பிடிக்கவில்லை.

ஆனால் இரண்டையும் சேர்த்தால் ரூ.13.80 லட்சம். ரூ.75,000 கழிவு ஒரு முறைதான் கிடைக்கும். மீதி ரூ.13.05 லட்சம், அதாவது 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போ வரி ரூ.75,750, அதன்மேல் 4 சதவீத செஸ் ரூ.3,030. மொத்தம் ரூ.78,780. போதாக்குறைக்கு, முன்கூட்டியே வரி கட்டாததற்கு வட்டியும் சேரும்.

ரிட்டர்ன் என்ன செய்யும்?

வருமான வரி ரிட்டர்னில்தான் இரு சம்பளமும் ஒன்றாகக் கூட்டப்படும். உண்மையான வரியிலிருந்து பிடித்த டிடிஎஸ் கழிக்கப்படும். குறைந்தால் கட்ட வேண்டும், கூடினால் ரீஃபண்ட்.

ரீஃபண்டுக்கும் ஒரு கணக்கு: மாதம் ரூ.1.50 லட்சம் சம்பளத்துக்கு டிடிஎஸ் சுமார் ரூ.12,566. நவம்பரோடு வேலையை விட்டு, அதன்பின் வேறு வருமானம் இல்லாதவருக்கு ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம்தான். வரி பூஜ்ஜியம். 8 மாதம் பிடித்த சுமார் ரூ.1 லட்சமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் மட்டுமே!

என்ன செய்யலாம்?

புது வேலையில் சேர்ந்ததும் ஃபார்ம் 12பி-யில் பழைய சம்பள விவரத்தைக் கொடுத்தால், புதிய கம்பெனி சேர்த்துக் கணக்கிட்டு மிச்ச மாதங்களில் வரியைப் பிடித்துவிடும். கொடுக்கத் தவறியவர்கள் இரு கம்பெனிகளின் ஃபார்ம் 16-ஐயும் வாங்கி, வருமான வரித் துறை இணையதளத்தில் உள்ள ஃபார்ம் 26ஏஎஸ்-உடன் ஒப்பிட வேண்டும். சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ் அதில் இல்லையென்றால், கம்பெனியிடம் சொல்லித் திருத்திய பிறகு தாக்கல் செய்வதே நல்லது.